கோடியை நோக்கிய ஏணி: வினாடி வினா நிகழ்ச்சிகளில் பணயம் ஏறும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து கேள்வி, பதினைந்து தொகை என்கிற இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது?

இன்று நாம் அறிந்த வடிவம், ‘ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ என்ற நிகழ்ச்சியாக, 1998 செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் கிறிஸ் டாரன்ட் தொகுத்து வழங்க ஒளிபரப்பானது. 100 பவுண்டில் தொடங்கிப் பத்து லட்சம் பவுண்டில் முடியும் பதினைந்து படிகள், 1,000 பவுண்டிலும் 32,000 பவுண்டிலும் இரண்டு பாதுகாப்புப் படிகள், லைஃப்லைன் எனப்படும் மூன்று உதவிகள் என்பதுதான் அதன் எலும்புக்கூடு. 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சன் தொடங்கிய ‘கோன் பனேகா குரோர்பதி’ அதே எண்களைப் பத்தால் பெருக்கி ரூபாயாக்கியது. 2012-இல் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யின் வழியாகத் தமிழ்ப் பார்வையாளர்களுக்கும் இந்த வடிவம் வீட்டுப் பழக்கமாயிற்று.

இதற்கு முன்னோடிகள் அமெரிக்காவில் இருந்தன. 1940-இல் தொடங்கிய ஒரு வானொலி நிகழ்ச்சியில் பரிசு 1, 2, 4, 8 என்று இரட்டித்து 64 டாலரில் முடிந்தது. 1955-இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது அது 64,000 டாலராயிற்று. அங்கே போட்டியாளர் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, அடுத்த கேள்வி என்னவென்று தெரியாமலேயே, ‘தொடர்கிறேன்’ அல்லது ‘போதும்’ என்று சொல்லியாக வேண்டும். 4,000 டாலர் நிலையைக் கடந்த பிறகு தவறினால் ஆறுதலாக ஒரு கெடிலாக் கார் கிடைத்தது. அந்தக் காரைத்தான் பிற்காலத்துப் பாதுகாப்புப் படியின் மூத்த வடிவம் என்று நான் கருதுகிறேன்.

1998-இன் வடிவமைப்பாளர்கள் செய்த பெரிய மாற்றம், கேள்வியையும் நான்கு விடைகளையும் பார்த்த பிறகு விலகலாம் என்று அனுமதித்ததுதான். போட்டியாளருக்குச் சலுகை போலத் தோன்றும் இந்த விதியால்தான் ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவெடுக்கும் நெருக்கடி உருவாகிறது. விடை திரையில் எழுதப்பட்டிருக்கிறது, அது நான்கில் ஒன்று என்பதும் தெரிகிறது. எழுந்து போவது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

மேலே போகப் போகக் கேள்வி கடினமாகிறது. ரிஸ்க் கூடுவதற்கு அதுதானே காரணம்?

அது பாதிக் காரணம். கேள்விகள் எல்லாம் ஒரே கடினத்தில் இருந்தாலும் இந்த ஏணியில் ஆபத்து ஏறத்தான் செய்யும், ஏனென்றால் கையில் இருக்கும் தொகை ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கிறது, விழுந்தால் போய்ச் சேரும் தரையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

2000-ஆம் ஆண்டின் இந்திய ஏணியை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து கேள்விகளுக்கு 1,000, 2,000, 3,000, 5,000, 10,000 ரூபாய். அடுத்த ஐந்துக்கு 20,000, 40,000, 80,000, 1,60,000, 3,20,000. கடைசி ஐந்துக்கு 6,40,000, 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், ஒரு கோடி. 10,000 ரூபாயும் 3,20,000 ரூபாயும் பாதுகாப்புப் படிகள்; அவற்றைத் தொட்டுவிட்டால் பின்னால் எது தவறினாலும் அந்தத் தொகை உறுதி.

பன்னிரண்டாவது கேள்வியின் முன் நிற்பவர் கையில் 6,40,000 ரூபாய் இருக்கிறது. தவறினால் 3,20,000-க்கு இறங்குவார். அதாவது கையில் உள்ளதில் பாதியை இழப்பார். பதின்மூன்றாவதில் தவறினால் 12,50,000-இல் 9,30,000 போகும், அது ஏறத்தாழ முக்கால் பங்கு. பதினான்காவதில் 87 சதவீதம் போகும். ஒரு கோடிக்கான கடைசிக் கேள்வியில் 50 லட்சத்தில் 46,80,000 ரூபாய், அதாவது 94 சதவீதம் போகும். எதிர்ப்புறத்தில் கிடைக்கக்கூடிய லாபம் நான்கு கேள்விகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: கையிருப்பு இரண்டு மடங்காகும். லாபத்தின் விகிதம் நகராமல் நிற்க, இழப்பின் விகிதம் மட்டும் பாதியிலிருந்து முழுமையை நோக்கி ஏறுகிறது.

நிற்பதா, போவதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா?

இருக்கிறது, கடினமும் இல்லை. கையில் இருப்பதிலிருந்து பாதுகாப்புத் தொகையைக் கழித்தால், நீங்கள் பணயமாக வைக்கும் தொகை வரும். அடுத்த பரிசிலிருந்து அதே பாதுகாப்புத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், பண அளவில் லாபமும் நஷ்டமும் சமமாகும் நிகழ்தகவு கிடைக்கும். உங்கள் விடை சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு மேல் இருந்தால், வெறும் ரூபாய்க் கணக்குப்படி விளையாடலாம்.

பன்னிரண்டாவது கேள்வியில் 3,20,000-ஐ 9,30,000-ஆல் வகுத்தால் 34 சதவீதம் வருகிறது. பதின்மூன்றாவதில் 43, பதினான்காவதில் 47, பதினைந்தாவதில் 48 சதவீதம். இரட்டிக்கும் ஏணியில் இந்த எண் எவ்வளவு ஏறினாலும் 50-ஐத் தாண்டாது, நெருங்கிக்கொண்டே போகும். குருட்டாம்போக்கில் நான்கில் ஒன்றைத் தொட்டால் கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதம்தான் என்பதால், ஒன்றுமே தெரியாதவர் இந்த நான்கு கேள்விகளிலும் விலக வேண்டும். இரண்டு விடைகளை உறுதியாக நீக்கத் தெரிந்தவர், இந்தக் கணக்கின்படி, எல்லாவற்றிலும் விளையாடலாம்.

அப்படியானால் பாதிக்குப் பாதி நம்பிக்கை இருந்தாலே ஒரு கோடிக்கு ஆடிவிடலாமா?

பெரும்பாலான போட்டியாளர்கள் ஆடக் கூடாது. அவர்கள் ஆடாமல் எழுந்து போவதைக் கோழைத்தனம் என்று சொல்வது தவறு. ரூபாய்க் கணக்கு எல்லா ரூபாயும் ஒரே மதிப்புள்ளவை என்று எடுத்துக்கொள்கிறது. 1738-இலேயே கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி இதை மறுத்தார். ஒருவரிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கூடுதல் பணத்தின் பயன் அமையும் என்றும், செல்வம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பயன் கூடுவதாகக் கொள்ளலாம் என்றும் அவர் வாதிட்டார்.

அந்த அளவுகோலை வைத்துக் கடைசிக் கேள்வியைப் பார்ப்போம். வீட்டில் மொத்தச் சேமிப்பு ஐந்து லட்சம் ரூபாய் உள்ள ஒருவர் 50 லட்சத்தில் நிற்கிறார். விலகினால் அவரிடம் 55 லட்சம், தவறினால் 8,20,000, வென்றால் ஒரு கோடியே ஐந்து லட்சம். பெர்னூலியின் கணக்குப்படி இவர் விளையாட வேண்டுமானால் விடையில் ஏறத்தாழ 75 சதவீத நம்பிக்கை வேண்டும். அதே இருக்கையில் ஐந்து கோடி ரூபாய் சொத்துள்ளவர் அமர்ந்திருந்தால் 51 சதவீதமே போதும். கேள்வியும் ஏணியும் ஒன்றுதான், அறிவும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பது தேவையான துணிவை இப்படி மாற்றிவிடுகிறது. பிரபலங்கள் அறக்கட்டளைக்காக விளையாடும் சிறப்பு நிகழ்ச்சிகளையும் வாழ்வாதாரம் தேடி வந்தவர் விளையாடும் வழக்கமான நிகழ்ச்சியையும் ஒப்பிட்டு, ‘இவர் தைரியசாலி, அவர் பயந்தாங்கொள்ளி’ என்று முடிவு கட்டுவது ஏன் நியாயமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. ‘எண்பது சதவீதம் தெரியும் சார்’ என்று சொல்பவரின் எண்பது உண்மையில் எண்பதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. விடையை நேரடியாக நினைவுகூர்ந்து சொல்பவரின் நம்பிக்கைக்கும், ‘மற்ற மூன்றும் இல்லை போலிருக்கிறது, ஆகவே இதுவாக இருக்கலாம்’ என்று வந்து சேர்ந்தவரின் நம்பிக்கைக்கும் வேறுபாடு உண்டு. திரையில் விடைகள் தோன்றுவதற்கு முன்பே சரியான பெயர் மனத்தில் வந்ததா என்று போட்டியாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நல்ல சோதனை.

பாதுகாப்புப் படிக்கு அடுத்த கேள்வியை ‘இலவசக் கேள்வி’ என்கிறார்களே, அது ஏன்?

3,20,000 ரூபாயைத் தொட்டவர் பதினோராவது கேள்வியில் தவறினாலும் அதே 3,20,000 ரூபாயுடன்தான் வீட்டுக்குப் போவார். விலகினாலும் அதுதான். எனவே அந்தக் கேள்வியில் பணயம் சுழியம். எதுவும் தெரியாவிட்டாலும் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவதுதான் அறிவு. ஆறாவது கேள்வியும் இப்படித்தான்.

இந்த இலவசக் கேள்வி தனக்கு முந்தைய கேள்வியையும் மாற்றிவிடுகிறது. இந்த ஏணியிலேயே மிக நுட்பமான இடம் அதுதான் என்பது என் கருத்து. பத்தாவது கேள்வியின் முன் நிற்பவரிடம் 1,60,000 ரூபாய் இருக்கிறது, தவறினால் 10,000. மேலே சொன்ன வகுத்தலைச் செய்தால் 48 சதவீத நம்பிக்கை தேவை என்று வரும். ஆனால் பத்தாவதை வென்றவருக்கு 3,20,000 ரூபாய் மட்டும் கிடைப்பதில்லை. அடுத்த கேள்வியில் இழப்பில்லாமல் முயலும் உரிமையும் சேர்ந்து கிடைக்கிறது. குருட்டாம்போக்கில் முயன்றாலும் நான்கில் ஒரு வாய்ப்பு இன்னொரு 3,20,000-ஐத் தரும். அதன் மதிப்பு சராசரியாக 80,000 ரூபாய். ஆக, பத்தாவது கேள்வியின் உண்மையான பரிசு நான்கு லட்சம். அதை வைத்து மறுபடி வகுத்தால் தேவையான நம்பிக்கை 38 சதவீதமாக இறங்குகிறது. 1,60,000 ரூபாயை எடுத்துக்கொண்டு விலகுவதைவிட ஒரு படி முயல்வது நல்லது என்று ஏணியே போட்டியாளரைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலுக்குப் பிறகு வரும் பதினோராவது கேள்வியில் ஆபத்தே இல்லை. பன்னிரண்டாவதில்தான் முதன்முறையாக மூன்று லட்சத்துக்குமேல் இழக்கக்கூடிய நிலை வருகிறது. அதற்குள் அவர் நிகழ்ச்சியின் நடுப்பகுதியைக் கடந்து வெகுதூரம் வந்திருப்பார்.

2018-இல் ஜெரமி கிளார்க்சன் தொகுத்து பிரிட்டனில் நிகழ்ச்சி மீண்டும் வந்தபோது, இரண்டாவது பாதுகாப்புப் படியை எங்கே வைப்பது என்று போட்டியாளரே முடிவு செய்யலாம் என்ற விதி வந்தது; ஆனால் அந்தப் படிக்கான கேள்வியைப் பார்ப்பதற்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். இது கேள்வி பார்த்த பின் விலகலாம் என்ற பழைய சலுகைக்கு நேர் எதிரான திசையில் போகிறது. தாழ்வாக வைத்தால் விரைவில் பாதுகாப்பு வரும், ஆனால் உச்சியில் விழும் தூரம் நீளும். 5 லட்சம் பவுண்டில் வைத்தால் கடைசிக் கேள்வி இலவசமாகும், ஆனால் அதுவரையிலான எல்லாப் படிகளிலும் தரை 1,000 பவுண்டாகவே கிடக்கும். எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தம் அறிவு எந்த உயரத்தில் தீர்ந்துபோகும் என்று போட்டியாளரே முன்கூட்டி மதிப்பிட வேண்டியிருக்கிறது.

இரண்டு தவறான விடைகளை நீக்கும் ஃபிஃப்டி-ஃபிஃப்டி எடுத்தாலும் நாம் குழம்பிய அதே இரண்டு விடைகள் மிஞ்சுகின்றனவே. அது உண்மையிலேயே உதவுகிறதா?

உதவுகிறது, ஆனால் எவ்வளவு என்பது, எந்தத் தவறான விடையை மிச்சம் வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

விடை முதலாவதாக இருக்க வேண்டும் அல்லது இரண்டாவதாக இருக்க வேண்டும், மற்ற இரண்டும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு போட்டியாளரை எண்ணிக்கொள்ளுங்கள். கணினி மூன்று தவறான விடைகளில் ஏதோ ஒன்றைச் சீட்டுக் குலுக்கியதுபோல் மிச்சம் வைத்தால், அவர் குழம்பிய மற்றொரு விடையே மிஞ்சும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். மூன்றில் இரண்டு முறை, அவர் ஏற்கெனவே ஒதுக்கிய விடை ஒன்று மிஞ்சும். அப்போது சரியான விடை தெளிவாகிவிடும். மொத்தத்தில் அவருடைய வெற்றி வாய்ப்பு 50-லிருந்து 83 சதவீதமாக உயர்கிறது. மாறாக, மக்கள் மயங்கக்கூடிய விடையைத் தயாரிப்புக் குழுவே தேர்ந்து மிச்சம் வைப்பதாக இருந்தால், அவருக்கு 50 சதவீதம் 50 சதவீதமாகவே இருக்கும், லைஃப்லைன் வீண்.

எதுவுமே தெரியாதவருக்கு இந்த இரண்டு முறைகளிலும் வேறுபாடு இல்லை. 25 சதவீதம் 50 ஆகும், அவ்வளவுதான். ஆனால் கடைசிக் கேள்வியில் அந்த 50 சதவீதம், ரூபாய்க் கணக்கின் 48 சதவீதத்தை மயிரிழையில் தாண்டுகிறது. போட்டியாளரை விலகவும் விடாமல், நிம்மதியாக ஆடவும் விடாமல், எல்லைக்கோட்டிலேயே நிறுத்திவைக்கும் அளவு அது.

எந்த லைஃப்லைனை முதலில் செலவழிப்பது, எதைக் கடைசிவரை வைத்திருப்பது?

பார்வையாளர் வாக்கெடுப்பைக் கீழ்ப்படிகளில் செலவழிப்பதே நல்லது, ஏனென்றால் ஏற ஏற அதன் மதிப்புத் தேய்கிறது. அரங்கில் நூறு பேர் இருப்பதாகவும், விடை தெரிந்தவர்கள் சரியாக அழுத்துவதாகவும், தெரியாதவர்கள் நான்கிலும் சமமாகப் பரவுவதாகவும் கொள்வோம். நான்காவது கேள்வியில் எழுபது பேருக்கு விடை தெரிந்திருந்தால், சரியான விடைக்கு 77 வாக்குகளுக்குமேல் விழும். மற்றவற்றுக்கு ஏழெட்டு வாக்குகள் வீதம் கிடைக்கும். சந்தேகத்துக்கே இடமில்லை. பதின்மூன்றாவது கேள்வியில் ஐந்து பேருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், சரியான விடைக்கு சராசரியாக 29, மற்றவற்றுக்கு 24. ஐந்து வாக்கு வேறுபாடு தற்செயலாகவே மாறக்கூடியது என்பதால், மிக உயரமான பட்டை தவறான விடையின் மேல் நிற்கவும் கூடும். உண்மையில் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் கடினமான கேள்வியில் தெரியாதவர்கள் சமமாகப் பரவுவதில்லை. கேள்விப்பட்ட பெயர் எதுவோ அதன் பக்கம் சாய்கிறார்கள். மேல்படியில் ஒரு பட்டை 40-ஐத் தொட்டால் மகிழ்வதற்கு முன், அந்த விடை வெறுமனே பிரபலமான பெயரா என்று யோசிக்க வேண்டும்.

நண்பருக்குத் தொலைபேசும் உதவியில் முப்பது விநாடிகள்தாம். அதற்குள் கேள்வியையும் நான்கு விடைகளையும் படித்துக் காட்ட வேண்டும். நிதானமாகப் படித்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். எனவே ஒரு வரியில் முடியும், ஒரு துறைக்குள் அடங்கும் கேள்விக்கே இது பொருந்தும். இந்த உதவியின் இயல்பையே இணையம் மாற்றிவிட்டது. மறுமுனையில் இருப்பவர் நினைவைத் தேடுவதற்குப் பதிலாகத் தேடுபொறியைத் தேடத் தொடங்கியதால், அமெரிக்க நிகழ்ச்சி 2010-இல் இதைக் கைவிட்டது.

கடைசிவரை காத்துவைப்பதன் உச்சகட்ட உதாரணம் 1999 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. ஜான் கார்ப்பென்டர் பதினான்கு கேள்விகளையும் எந்த உதவியும் இல்லாமல் கடந்து, பத்து லட்சம் டாலருக்கான கேள்வியின் முன் மூன்று லைஃப்லைன்களோடும் அமர்ந்திருந்தார். தொலைபேசி உதவியைக் கேட்டு, தந்தையை அழைத்து, உதவி எதுவும் தேவையில்லை, பத்து லட்சம் டாலரை வெல்லப்போகிறேன் என்று தெரிவித்துவிட்டு, நிக்சன் என்ற சரியான விடையைச் சொன்னார். ஆனால் அவருக்கு விடை தெரிந்திருந்தது; அவரைப் பார்த்து மற்றவர்கள் பதுக்கக் கூடாது. ஐந்தாவது கேள்வியில் தடுமாறிக்கொண்டே லைஃப்லைனைச் சேமிப்பவர், வெறுங்கையோடு போகும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு, ஒருவேளை போய்ச் சேரவே முடியாத உயரத்துக்காகச் சேமிக்கிறார்.

கூடுதலாக ஒரு லைஃப்லைன் தருகிறோம், பாதுகாப்புப் படியை விட்டுக்கொடு என்றால் ஏற்கலாமா?

ஜெர்மனியில் கியூன்டர் யௌஹ் நடத்தும் நிகழ்ச்சியில் 2007 முதல் இந்தப் பேரம் இருக்கிறது. ஏற்பவருக்கு நான்காவதாக ஓர் உதவி, அரங்கில் இருக்கும் ஒருவரைக் கேட்கும் உரிமை, கிடைக்கும். பதிலுக்கு 16,000 யூரோவிலுள்ள இரண்டாவது பாதுகாப்புப் படி மறைந்துவிடும். முதல் படியான 500 யூரோ மட்டும் மிஞ்சும்.

பலரும் இதன் வலி உச்சியில் தெரியும் என்று எண்ணுகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. அந்த ஏணியில் 1,25,000 யூரோவுக்கு அடுத்த படி நேராக 5,00,000 யூரோ. தரை 16,000 யூரோவாக இருந்தால் அங்கே ஆட 22.5 சதவீத நம்பிக்கை போதும். தரை 500 யூரோவாகத் தாழ்ந்தாலும் 25 சதவீதம்தான். ஏறத்தாழ வேறுபாடே இல்லை. வலி தெரியும் இடம் 16,000-லிருந்து 32,000-க்குப் போகும் கேள்வி. பாதுகாப்பு இருந்தால் அது இலவசம். இல்லாவிட்டால் 49 சதவீத நம்பிக்கை தேவை. ஆக, இந்தப் பேரத்தில் விற்கப்படுவது நடு ஏணியின் இலவசக் கேள்வியும் அதைச் சுற்றியுள்ள நிம்மதியும்தான். 16,000 யூரோவைத் தாண்டி வெகுதூரம் போவோம் என்று நம்பக் காரணம் உள்ளவர் ஏற்கலாம். அந்தத் தொகையே தம் வீட்டுக்குப் பெரிது என்று நினைப்பவர் ஏற்க வேண்டாம்.

முதல் கேள்விகளுக்கு மட்டும் கடிகாரம் ஓடுகிறது, மேலே ஏன் இல்லை?

பணம் குறைவாக உள்ள இடத்தில் தயக்கத்தைப் பார்க்க யாரும் காத்திருக்க மாட்டார்கள். அங்கே கடிகாரம் வேகத்தைத் தருகிறது. லட்சங்கள் தொங்கும் இடத்தில் தயக்கம்தான் பார்க்கவேண்டிய காட்சி, எனவே அங்கே நேரம் தாராளமாக விடப்படுகிறது. ‘லாக் பண்ணிடலாமா’ என்ற கேள்விக்கு ‘பண்ணிடுங்க’ என்று சொல்லும்வரை விடையை மாற்றவும் விலகவும் உரிமை இருப்பதால், அந்த நேரம் முழுவதும் முடிவு திறந்தே கிடக்கிறது.

ஒரு கோடி வென்ற பிறகு ஜாக்பாட் கேள்வியில் பலர் விலகிவிடுகிறார்களே, அது சரியான முடிவுதானா?

2017-ஆம் ஆண்டின் விதிப்படி சரி. 2022-ஆம் ஆண்டின் விதிப்படி, விலகுவது பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து.

2017-ஆம் ஆண்டின் ‘கோன் பனேகா குரோர்பதி’யில் ஒரு கோடிக்குப் பின் ஏழு கோடி ரூபாய்க்கான கேள்வி இருந்தது. லைஃப்லைன் எதையும் அங்கே பயன்படுத்த முடியாது. தவறினால் 3,20,000 ரூபாய்க்கு இறங்க வேண்டும். ரூபாய்க் கணக்கின்படி 14 சதவீத நம்பிக்கையே போதும், அதாவது குருட்டாம்போக்கில் தொடுவதுகூட லாபம். இருந்தும் ஐந்து லட்சம் ரூபாய் சேமிப்புள்ள நம் போட்டியாளருக்குப் பெர்னூலியின் அளவுகோல் 57 சதவீதம் கேட்கிறது. ஒரு கோடியே ஐந்து லட்சத்திலிருந்து எட்டு லட்சத்துக்கு விழுவது ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே திருப்பிப் போடும் இழப்பு. பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லாதவர் விலகியது நியாயமே.

2022-இல் ஜாக்பாட் ஏழரைக் கோடியாயிற்று; அதைவிட முக்கியமாக, 75 லட்சம் ரூபாயில் ஒரு புதிய பாதுகாப்புப் படி வந்தது. அந்த விதியில் தவறினால் போவது 25 லட்சம் மட்டும். ரூபாய்க் கணக்கு 4 சதவீத நம்பிக்கையோடு நின்றுவிடுகிறது. எச்சரிக்கையான பெர்னூலி அளவுகோலும் அதே ஐந்து லட்சக்காரருக்கு 12 சதவீதம்தான் கேட்கிறது. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் 25 சதவீதம். ஆகவே ஒன்றுமே தெரியாதவரும் ஆடியிருக்க வேண்டும். பரிசைக் கூட்டியதைவிடத் தரையை உயர்த்தியதுதான் இந்தக் கேள்வியின் தன்மையை மாற்றியது. ஆனால் அந்த இருக்கையில் அமர்ந்தவருக்கு ‘ஒரு கோடி ரூபாய் வென்றவர்’ என்ற பெயர் ஏற்கெனவே சொந்தமாகியிருக்கிறது, அதை 75 லட்சமாகக் குறைத்துக்கொள்வது தோல்வியாகத் தோன்றுகிறது. கணக்கு சொல்வதும் மனம் கேட்பதும் இங்கே பிரிகின்றன.

கேள்வியே இல்லாத ‘டீலா நோ டீலா’ போன்ற நிகழ்ச்சிகளில் இறுதிச் சுற்று எப்படி அமைகிறது?

அங்கே ஏணியின் வேலையை வங்கியாளரின் தொலைபேசி செய்கிறது. நெதர்லாந்தில் நடந்த மூல நிகழ்ச்சியில் 26 பெட்டிகள், ஒரு யூரோ சென்ட் முதல் 50 லட்சம் யூரோ வரை. போட்டியாளர் தொடக்கத்தில் ஒரு பெட்டியைத் தமக்காக எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு சுற்றிலும் மற்றவற்றில் சில திறக்கப்படும், பிறகு அவருடைய பெட்டியை வாங்கிக்கொள்ள வங்கியாளர் ஒரு தொகையைச் சொல்வார். முதல் சுற்றில் அந்தத் தொகை மிச்சமுள்ள பெட்டிகளின் சராசரியில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பொதுவாக எட்டாது. யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. சுற்றுகள் போகப் போக அது சராசரியை நெருங்கும். தொடக்கத்தில் ஆட்டத்தைத் தொடர வைப்பதும், இறுதியில் நிறுத்தத் தூண்டுவதும் அந்த ஒரே விகிதம்தான்.

ரிச்சர்ட் தாலரும் மூன்று நெதர்லாந்துப் பொருளியலாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிகழ்ச்சியின் போட்டியாளர்களைப் பின்தொடர்ந்தது. அதில் ஒருவரின் ஆட்டம் விரிவாக வருகிறது. பெரிய தொகைகள் ஒவ்வொன்றாகத் திறந்து போய்விட்டபின், அவருக்கு மிஞ்சியவை இரண்டு பெட்டிகள்: ஒன்றில் 10 யூரோ, மற்றதில் 10,000 யூரோ. சராசரி 5,005 யூரோ. வங்கியாளர் 6,000 யூரோ தருவதாகச் சொன்னார்; சராசரியைவிட அதிகம், ஆபத்தும் இல்லை. அவர் மறுத்தார். அவர் பெட்டியில் இருந்தது 10 யூரோ.

தொடக்கத்தில் லட்சங்களை எதிர்பார்த்தவருக்கு 6,000 யூரோ இழப்பாகவே தெரிகிறது. இழந்ததை மீட்கும் வாய்ப்பு எதுவாக இருந்தாலும் அதைப் பற்றிக்கொள்ளத் தோன்றுகிறது. இந்த ஆய்வு கண்ட போக்கும் அதுதான்: ஆட்டத்தில் பெரிதும் இழந்தவர்களும் பெரிதும் வென்றவர்களும் நடுவில் இருப்பவர்களைவிடக் கூடுதலாகத் துணிகிறார்கள். வினாடி வினா ஏணியில் கையிருப்பு ஏறிக்கொண்டே வருவதால் இழந்தவரின் இந்தத் துணிவுக்கு இடமில்லை. பெட்டி விளையாட்டின் இறுதிச் சுற்று பெருமளவு அதன் மேல்தான் நிற்கிறது.